கடற்காற்றுப் பாடம்: 'எது' கேட்டால் நாற்பது கை, 'ஏன்' கேட்டால் மௌனம்

வேளச்சேரி டீச்சர்: எட்டாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள். பாடம் முடிந்ததும் பத்து நிமிஷம் வாய்மொழி வினாடி வினா வைக்கிறேன். "கடற்காற்று எப்போது வீசும்?" என்றால் எல்லாரும் பகலில் என்கிறார்கள். "ஏன்?" என்றதும் அதே ஆறு பேர்தான். கேள்விகளை எந்த வரிசையில் வைக்கிறீர்கள்? யாரிடம் கேட்கிறீர்கள்?

தாம்பரம் கணக்கு சார்: ரோல் நம்பர் வரிசையில் போங்கள். யாரும் விடுபட மாட்டார்கள், பாரபட்சம் என்று யாரும் குறை சொல்லவும் முடியாது.

பெரம்பூர் அறிவியல் டீச்சர்: விடுபட மாட்டார்கள் என்பது சரி சார். ஆனால் பன்னிரண்டாம் நம்பர் பையன் தனக்கு எந்தக் கேள்வி வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பான், பதில் சொல்லி முடித்தவன் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவான். நான் பெயர்ச் சீட்டு எடுக்கிறேன். எடுத்த சீட்டில் ஒரு புள்ளி வைத்துத் திரும்ப டப்பாவிலேயே போட்டுவிடுவேன். இரண்டு புள்ளி விழுந்த சீட்டை அன்றைக்கு வெளியே வைப்பேன். மீதி வராதவர்கள் அடுத்த வகுப்பில் முதலில்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: முதலில் கேள்வி, பிறகு மனசுக்குள் மூன்று எண்ணுங்கள், அதற்கப்புறம்தான் சீட்டு. பெயரை முதலில் சொன்னால் மற்ற முப்பத்தொன்பது பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் மேரி பட் ரோ என்கிற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் கவனித்துச் சொன்னார். அதை மூன்றாக்கினாலே பதில்கள் நீளமாயின.

இனி வரிசை. நினைவுக் கேள்வி மூன்று போதும்: பகலில் சீக்கிரம் சூடாவது நிலமா கடலா, சென்னையில் கடற்காற்று எந்தத் திசையிலிருந்து வரும், இரவில் எது சீக்கிரம் குளிரும். அடுத்த படி இந்த விடைகளின் மேலேதான் நிற்கும், அதனால் இவற்றைக் கரும்பலகையில் ஒற்றை வார்த்தையாக எழுதிவிடுங்கள்.

அடுத்து விளக்கம்: "காற்று ஏன் கடலிலிருந்து நிலத்துக்கு வருகிறது?" வரும் பதில் பெரும்பாலும் "சூடான காற்று மேலே போகும் மிஸ்". இது பாதி விடை. 'சரி' என்று சொல்லி நகர்ந்துவிட்டால் அந்தப் பாதியோடே பாடம் முடிந்துவிடும். "மேலே போனால் போகட்டும், கடல் மேலிருக்கிற காற்று எதற்கு நகர வேண்டும்?" என்று அதே பிள்ளையிடம் இன்னொரு கேள்வி. நிலத்தின் மேல் அழுத்தம் குறைகிறது, கடல் மேல் அதிகம் என்கிற கண்ணி அங்கேதான் வெளியே வரும்.

'தெரியாது' என்றால் வேறு ஒருவரிடம் கேட்டுவிட்டு முதல் பிள்ளையிடமே திரும்பி, அதைத் தன் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். அப்போதுதான் 'தெரியாது' தப்பிக்கும் வழி ஆகாது.

குவிஸ் கிளப் தம்பி: எங்கள் போட்டிகளில் விடை வராவிட்டால் கேள்வி அடுத்த அணிக்குப் போகும், அங்கேயும் வராவிட்டால் அதற்கடுத்த அணிக்கு. அதையே வைத்தால் விறுவிறுப்பா இருக்குமே, பஸ்ஸரும் வைக்கலாம்.

பெரம்பூர் அறிவியல் டீச்சர்: போட்டிக்கு நல்லதுதான் தம்பி. அங்கே யாருக்குத் தெரியும் என்று கண்டுபிடிக்கிறீர்கள், இங்கே யாருக்கு எங்கே புரியவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். பஸ்ஸர் வந்தால் வேகமான கைக்குத்தான் வாய்ப்பு.

வேளச்சேரி டீச்சர்: சரி மேடம், சவால் கேள்விக்கு? சீட்டில் மெதுவான பிள்ளை வந்தால் பாவமாக இருக்கிறது. அதனால் எளிய கேள்வியை அவர்களுக்கும் சவாலை அந்த ஆறு பேருக்கும் கொடுத்துவிடுகிறேன்.

பெரம்பூர் அறிவியல் டீச்சர்: அந்தப் பழக்கத்தை விடுங்கள் டீச்சர். யாருக்கு எது என்று பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். சவாலுக்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிஷம் பேசவிடுங்கள், பிறகு சீட்டு. வெறுங்கையோடு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி இது: "சென்னை கடலோரம்தானே? அப்புறம் 2003 மே 31 அன்று எப்படி 45 டிகிரி வந்தது?" "அன்று வெயில் அதிகம்" என்று மட்டும் சொன்னால், "கடற்காற்று வழக்கமாக என்ன செய்யும், அதை எது தடுக்கும்?" என்று கேளுங்கள். மேற்கிலிருந்து பலமாக அடிக்கிற காற்று கடற்காற்றை உள்ளே விடாமல் தள்ளிப்போடும் என்பதுவரை போகலாம். அங்கே எட்டாவிட்டாலும் "ஏதோ எதிர்த்திசையில் தள்ளுது மிஸ்" என்று வந்தால் போதும். இன்னொன்றும் வைத்துக்கொள்ளுங்கள்: கோடையில் நுங்கம்பாக்கத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் எங்கே முதலில் கடற்காற்று எட்டும்?

தாம்பரம் கணக்கு சார்: சவாலுக்கு மதிப்பெண் உண்டா? இல்லையென்றால் எங்கள் பிள்ளைகள் பேச மாட்டார்கள்.

பெரம்பூர் அறிவியல் டீச்சர்: நான் கொடுப்பதில்லை. மதிப்பெண் வந்தால் பிள்ளைகள் துணிந்து ஊகிப்பதை விட்டுவிடுவார்கள்.

தாம்பரம் கணக்கு சார்: எங்கள் வகுப்பில் நேர் எதிர்தான் டீச்சர்.

வேளச்சேரி டீச்சர்: என் வகுப்பில் திக்கிப் பேசுகிற ஒரு பிள்ளை உண்டு. சீட்டில் அவள் பெயரும் இருக்கலாமா?

பெரம்பூர் அறிவியல் டீச்சர்: பெயர் இருக்கட்டும், எடுத்துவிட்டால் மற்றவர்கள் கவனித்துவிடுவார்கள். எழுதிக் காட்டலாமா, பக்கத்துப் பிள்ளை படிக்கலாமா என்று அவளிடமே முன்கூட்டித் தனியாகக் கேளுங்கள். மூன்று விநாடி அவளுக்குப் போதாது, எவ்வளவு என்று அவளே சொல்வாள்.