25 கிலோ தாங்கும் தட்டில் 27 கிலோ புத்தகம்: உங்கள் அனுபவம் என்ன?

மன்னார்குடி, ஆசிரியர்:
முக்கால் அங்குலப் பார்ட்டிகிள் போர்டில் செய்த புத்தக அலமாரி வாங்கி ஒரு வருடம் ஆகிறது. தட்டுகள் 3 அடி நீளம்; ஒன்றுக்கு 25 கிலோ வரை என்று உள்ளே ஒட்டியிருக்கிறது. நடுவில் தொய்வு தெரியவே, முன் ஓரத்தில் நூல் பிடித்துப் பார்த்தேன். அரை அங்குலம் இறங்கியிருக்கிறது. புத்தகங்களை எடை போட்டால் 27 கிலோ. 2 கிலோவை எடுத்துவிட்டால் சரியாகுமா?

தஞ்சாவூர்:
எடையே காரணமில்லை, ஐப்பசி ஈரம்தான். தட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள், நிமிர்ந்துவிடும்.

திருவாரூர்:
எங்கள் வீட்டுச் சுவர் அலமாரியில் கடப்பாக் கல்தான். எத்தனை அடுக்கினாலும் அசையவில்லை; புத்தகங்களைத் தின்றது கரையான். அதற்கு என்ன மருந்து அடிக்கலாம்?

கும்பகோணம், தச்சு வேலை:
ஆசிரியர் ஐயா, சாதாரண அளவுப் புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் ஒரு மீட்டருக்கு 30 கிலோ வரும். உங்கள் தட்டு நிறைந்தாலே 27 கிலோதான். 2 கிலோ குறைத்தால் தொய்வும் அந்த அளவுக்கே குறையும், கண்ணுக்குத் தெரியாது. முறிவதற்கு முன்பே தொய்வது பலகையின் குணம். அதைத் தீர்மானிப்பது நீளம். ஒரே மாதிரி அடுக்கிய தட்டில் நீளத்தைப் பாதியாக்கினால் தொய்வு 16-இல் ஒரு பங்காகிவிடும். அதனால் நடுவில் ஒரு தாங்கு பலகை கொடுங்கள். ஆனால் மேல்தட்டுக்கு மட்டும் கொடுத்தால் அந்தப் பாரம் கீழ்த்தட்டின் நடுவில் இறங்கும். எல்லாத் தட்டுக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக, தரைவரை வர வேண்டும்.

தாங்கு பலகை பிடிக்காவிட்டால், தட்டின் முன் ஓரத்தில் முக்கால் அங்குலக் கனமும் ஒன்றரை அங்குல உயரமும் உள்ள தேக்குச் சட்டத்தை, உயரவாக்கில் நிற்கும்படி பசை வைத்துத் திருகுங்கள். படுக்கவைத்தால் பலன் மிகக் குறைவு.

தஞ்சாவூர்க்காரர் சொல்லும் ஈரமும் உண்மைதான். எடை உட்கார்ந்திருக்கும்போது ஈரம் தொய்வைக் கூட்டும். திருப்பிப் போட்டால் சில மாதம் நேராக நிற்கும், பிறகு மறுபக்கம் இறங்கும்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. தட்டைத் தாங்கும் ஆணியின் துளையைப் பாருங்கள். வட்டமாக இருந்தது நீண்டிருந்தாலோ, கீழே மரத்தூள் உதிர்ந்திருந்தாலோ, அன்றே புத்தகங்களை இறக்கிவிடுங்கள்.

மன்னார்குடி, ஆசிரியர்:
இடது பக்கத் துளை ஒன்று நீண்டிருக்கிறது. இறக்கிவிட்டேன். தொய்வு கால் அங்குலமாகக் குறைந்தது, அதற்குமேல் நிமிரவில்லை.

தஞ்சாவூர்:
வெயில் காலம் வரட்டும், மீதியும் நிமிரும்.

கும்பகோணம், தச்சு வேலை:
எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அந்தத் துளைக்குப் பக்கத்தில் புதிதாகத் துளை போடாதீர்கள், போர்டு பிளந்துவிடும். தட்டுக்கு அடியில் இரு பக்கச் சுவர்ப் பலகையிலும் ஒரு மரச்சட்டம் திருகி, அதன்மேல் உட்காரவையுங்கள்.