வேலையை ஏற்றாகிவிட்டது, விசா பற்றி நிறுவனம் பேசவில்லை: எப்படி எழுதிக் கேட்பது? (இங்கிலாந்து)

கேட்பவர் (லீட்ஸ்)

எல்லோருக்கும் வணக்கம். கட்டுமானப் பொறியியல் நிறுவனம் ஒன்று எனக்கு வேலை தந்திருக்கிறது. அக்டோபர் 28 அன்று கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். நியமனக் கடிதத்தில், ஸ்பான்சர்ஷிப் கிடைப்பதைப் பொறுத்தே வேலை உறுதியாகும் என்று ஒரு வரி இருக்கிறது. 2026 ஜனவரி 5 அன்று சேர வேண்டும் என்றும் இருக்கிறது. இன்று நவம்பர் 14. பதினேழு நாட்களாக எச்.ஆர். பக்கமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அடிக்கடி கேட்டால் தொல்லை பிடித்தவன் என்று நினைத்து வேலையையே திரும்பப் பெற்றுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எழுதி வைத்திருக்கும் கடிதத்தின் சுருக்கம் இது: வாய்ப்பளித்தமைக்கு நன்றி, விசா வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன், தேவையான ஆவணங்களைத் தெரிவியுங்கள், ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன், நன்றி. இது போதுமா?

லெஸ்டர் செவிலி

தம்பி, முதலில் காசநோய்ப் பரிசோதனைக்கு நாள் வாங்குங்கள். அந்தச் சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிலையத்தில் எடுத்தால்தான் ஏற்பார்கள்; நான் சென்னையில் எடுத்தபோது அங்கேயே அரை நாள் போய்விட்டது. அடுத்து, வங்கியில் 1,270 பவுண்டுக்கு ஈடான பணம் 28 நாள் அசையாமல் இருக்க வேண்டும். 27ஆம் நாள் அப்பா அதிலிருந்து எடுத்துவிட்டதால் நான் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். அதோடு, எவனாவது ஏஜென்ட் ஸ்பான்சர் சான்றுக்குப் பணம் கேட்டால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். இங்கே வந்து இறங்கிய முதல் மூன்று மாதம் அந்தக் கடனுக்காகவே இரவுப் பணி பார்த்தேன். குளிரில் பேருந்துக்காக நின்றதை நினைத்தால் இப்போதும் கால் மரத்துப்போகிறது.

ஹாரோ அண்ணன்

இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்? சி.ஓ.எஸ்., அதாவது நிறுவனம் தரும் ஸ்பான்சர் சான்று, ஒரு நாள் வேலை. நிறுவனம் இணையத்தில் கேட்கும், மறுநாள் வந்துவிடும். என் தம்பிக்கு யாழ்ப்பாணத்தில் இருந்தபோது அப்படித்தான் வந்தது. அதன் பிறகு மூன்று வாரத்தில் விசா. பேசாமல் டிசம்பர் வரை பொறுத்திருங்கள். எச்.ஆர். ஆட்களை நச்சரித்தால் எரிச்சல்படுவார்கள்.

மில்ட்டன் கீன்ஸ் கணக்காளர்

அண்ணா சொல்வதுபோல் பொறுத்திருந்து நான் ஒரு வேலையை இழந்தேன். எனக்கும் கையெழுத்துக்குப் பிறகு மௌனம்தான். ஏழு வாரம் கழித்துப் பார்த்தால், அந்த நிறுவனத்துக்கு ஸ்பான்சர் உரிமமே இல்லை. இனிமேல்தான் விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னார்கள். இப்போது சம்பள வரம்பு வேறு 41,700 பவுண்டு ஆகிவிட்டது. தம்பி, உங்கள் சம்பளம் அதற்குக் கீழே என்றால் கடிதம் எழுதுவதே வீண்.

லெஸ்டர் செவிலி

வரம்பை ஏற்றுவார்கள், கட்டணத்தை ஏற்றுவார்கள், ஆங்கிலத் தகுதியை ஏற்றுவார்கள். விசாவோடு அரசு வாங்கும் மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. அதையும் எல்லா ஆண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். சம்பளத்தில் வரியும் பிடிக்கிறார்கள், தனியாக இதையும் வாங்குகிறார்கள்.

மில்ட்டன் கீன்ஸ் கணக்காளர்

போதாதற்கு நிறுவனங்கள் தங்கள் செலவையும் நம் தலையில் கட்டுகின்றன. என் நண்பனிடம் சி.ஓ.எஸ். கட்டணத்தைச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

ஸ்பான்சர் வேலை பார்ப்பவள் (பர்மிங்ஹாம்)

நான் ஒரு நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவில் இந்த வேலையைத்தான் பார்க்கிறேன். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் ஒரு வரி: 2024 டிசம்பர் 31 முதல் கொடுத்த சி.ஓ.எஸ்.ஸின் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க நிறுவனம் அரசுக்குக் கட்டும் திறன் கட்டணத்தை எப்போதுமே வசூலிக்கக் கூடாது. விசா விண்ணப்பக் கட்டணமும் மருத்துவக் கட்டணமும் வேறு கதை. அவற்றை யார் கட்டுவது என்பது உங்களுக்குள் பேசிக்கொள்வது.

இனி கேள்விக்கு வருவோம். தம்பி, நீங்கள் சொல்லாமல் விட்ட இரண்டு விவரங்களால்தான் இங்கே ஆளுக்கொரு பதில் வருகிறது. நீங்கள் இப்போது இங்கிலாந்துக்குள் இருக்கிறீர்களா, வெளியே இருக்கிறீர்களா? உள்ளே என்றால், கையில் இருக்கும் விசா எது, என்று முடிகிறது?

கேட்பவர் (லீட்ஸ்)

மன்னிக்க வேண்டும், அக்கா. லீட்ஸில்தான் இருக்கிறேன். 2024 செப்டம்பரில் முதுகலைப் படிப்புக்கு வந்தேன். படிப்பு முடிந்துவிட்டது, மாணவர் விசா 2026 ஜனவரி 22 அன்று முடிகிறது. சம்பளம் 35,000 பவுண்டு. நிறுவனத்தின் பெயரை அரசின் ஸ்பான்சர் பட்டியலில் தேடினேன், இருக்கிறது.

ஸ்பான்சர் வேலை பார்ப்பவள் (பர்மிங்ஹாம்)

அப்படியானால் காசநோய்ச் சான்று வேண்டாம். ஓராண்டுக்கு மேல் இங்கே முறையான விசாவில் இருப்பதால் 1,270 பவுண்டு கணக்கும் காட்ட வேண்டாம். இங்கேயே பட்டம் பெற்றதால் ஆங்கிலத் தகுதிக்குத் தனித் தேர்வும் வேண்டாம். செவிலி அக்கா சொன்னது அத்தனையும் வெளியிலிருந்து வருபவர்களுக்கு உண்மை. சம்பளமும் கதவை மூடிவிடவில்லை. மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்குப் புதியவர் சலுகை உண்டு. 33,400 பவுண்டு, அல்லது அந்த வேலைக் குறியீட்டுக்கு உரிய சம்பளத்தில் 70 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது போதும். ஆகவே எந்தக் குறியீட்டில் உங்களைக் காட்டப் போகிறார்கள் என்பதைக் கேட்டே ஆக வேண்டும்.

ஹாரோ அண்ணன் சொன்ன ஒரு நாள் கணக்கும் வெளியில் இருப்பவர்களுக்கான சி.ஓ.எஸ். வகைக்குத்தான் பொருந்தும், அதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கேட்டு வாங்குவோம், பெரும்பாலும் அடுத்த வேலை நாளில் வந்துவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு வேறு வகை. அதில் நிறுவனத்துக்கு ஏப்ரல் முதல் ஏப்ரல் வரை ஓர் எண்ணிக்கை ஒதுக்கியிருப்பார்கள். இருப்பில் ஒன்று மிச்சம் இருந்தால், நான் காலையில் உட்கார்ந்து மதியத்துக்குள் உங்களுக்குக் கொடுத்துவிடுவேன். இருப்பு தீர்ந்திருந்தால் கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு 18 வாரம் வரை ஆகலாம். கட்டணம் கட்டி விரைவு வரிசையில் போகலாம் என்றாலும், அன்றன்றைக்கு உள்ள இடம் காலையிலேயே நிரம்பிவிடும். பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதை வைத்து இருப்பு இருக்கிறதா என்று சொல்ல முடியாது. உங்களுடைய மௌனத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். அல்லது உங்கள் விசா எப்போது முடிகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு நன்றி இருக்கிறது, தேதி ஒன்றுகூட இல்லை. என் மேசைக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால், நாளை பார்க்கலாம் என்று ஒதுக்கிவிடுவேன். ஆங்கிலத்தில் உங்கள் நடையிலேயே எழுதுங்கள். பொருள் இப்படி இருக்கட்டும்:

«அக்டோபர் 28 அன்று நான் ஏற்றுக்கொண்ட பணி தொடர்பாக எழுதுகிறேன். நான் இங்கிலாந்துக்குள் மாணவர் விசாவில் இருக்கிறேன். அது 2026 ஜனவரி 22 அன்று முடிகிறது. அதற்கு முன் நான் திறன் பணியாளர் விசாவுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். எனக்குத் தர ஒதுக்கீட்டில் சான்று இருக்கிறதா, அல்லது புதிதாகக் கேட்க வேண்டுமா? கேட்க வேண்டும் என்றால் எப்போது கேட்பீர்கள்? எந்த வேலைக் குறியீடு, எந்தச் சம்பளம், எந்தத் தொடக்க நாள் குறிப்பிடப்படும்? விண்ணப்பக் கட்டணத்தையும் மருத்துவக் கட்டணத்தையும் யார் ஏற்பது? கடவுச்சீட்டின் நகல், விசா நிலையைக் காட்டும் பகிர்வுக் குறியீடு, படிப்பு முடிந்ததற்கான பல்கலைக்கழகக் கடிதம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். வேறு ஆவணம் வேண்டுமானால் தெரிவியுங்கள். நவம்பர் 21க்குள் பதில் கிடைத்தால் என் பக்கத்து வேலைகளைத் திட்டமிட உதவும்.»

கேட்காமலே ஆவணத்தை இணைத்துவிடுங்கள். ஒரு சுற்று மிச்சம். பெயரை மட்டும் கவனியுங்கள். நம் ஆட்களின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும். நியமனக் கடிதத்திலோ முன்னெழுத்தைப் பின்னால் போட்டு வேறொரு பெயர் இருக்கும். சி.ஓ.எஸ்.ஸில் கடவுச்சீட்டில் உள்ளபடியே வர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். தவறு வந்தால் நீங்கள் விண்ணப்பிக்கும் முன் நாங்கள் குறிப்பெழுதித் திருத்தலாம். அதற்கும் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா?

ஹாரோ அண்ணன்

உள்ளே, வெளியே என்று இரண்டு வகை இருப்பது எனக்குத் தெரியாது. ஆனாலும் ஜனவரி 22க்குள் விசா வராவிட்டால் இவர் ஊருக்குத்தானே போக வேண்டும்?

ஸ்பான்சர் வேலை பார்ப்பவள் (பர்மிங்ஹாம்)

இல்லை, அண்ணா. 22க்குள் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய விசாவின் நிபந்தனைகளோடு இங்கேயே இருக்கலாம். உள்ளிருந்து விண்ணப்பித்தால் வழக்கமாக எட்டு வாரம். ஆனால் அந்த இடைவெளியில் ஊருக்குப் போனால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகிவிடும். பொங்கலுக்குப் பயணச்சீட்டு போட்டிருந்தால் ரத்து செய்யுங்கள்.

மில்ட்டன் கீன்ஸ் கணக்காளர்

அப்படியானால் ஜனவரி 5 அன்று வேலையில் சேர முடியாது. விசா கைக்கு வந்த பிறகுதான்.

ஸ்பான்சர் வேலை பார்ப்பவள் (பர்மிங்ஹாம்)

படிப்பை முடித்த மாணவர், சி.ஓ.எஸ்.ஸோடு விண்ணப்பித்துவிட்டால் அந்த வேலையில் சேர விதியில் இடம் இருக்கிறது. எங்கள் நிறுவனத்தில் சேர்த்துக்கொள்கிறோம். பல நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் அதை ஏற்பதில்லை, விசா வரட்டும் என்பார்கள். இவருடைய நிறுவனம் எந்தப் பக்கம் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். முதல் கடிதத்தில் இதைத் திணிக்க வேண்டாம்.

கேட்பவர் (லீட்ஸ்)

நவம்பர் 18. அக்கா எழுதித் தந்தபடியே நேற்றுக் காலை அனுப்பினேன், மாலையே பதில் வந்துவிட்டது. ஒதுக்கீடு தீர்ந்துவிட்டதாம், இந்த வாரம் கூடுதலாகக் கேட்கப் போகிறார்கள், விரைவு வரிசைக்கும் முயல்வார்களாம். குறியீடு 2121, சிவில் பொறியாளர். கட்டணம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. ஜனவரிக்குள் வராவிட்டால் என்ன செய்வது?

மில்ட்டன் கீன்ஸ் கணக்காளர்

இங்கே படிப்பை முடித்தவர்கள் ஸ்பான்சர் இல்லாமலே வேலை பார்க்கத் தரும் பட்டதாரி விசாவுக்கு இன்றே விண்ணப்பித்துவிடு, தம்பி. இரண்டு ஆண்டு நிம்மதி.

ஸ்பான்சர் வேலை பார்ப்பவள் (பர்மிங்ஹாம்)

அந்த வழி இருக்கிறது. ஆனால் இன்றே வேண்டாம். அதற்கும் இரண்டு ஆண்டு மருத்துவக் கட்டணம் கையிலிருந்து போகும். உங்களுக்கு இரண்டு ஆண்டு இருக்கிறது என்று தெரிந்தால் ஸ்பான்சர் வேலையை அடுத்த ஏப்ரலுக்குத் தள்ளும் நிறுவனங்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் நிறுவனம் அப்படிச் செய்யுமா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஜனவரி 9 வெள்ளிக்கிழமையை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலைக்குள் சி.ஓ.எஸ். எண் வராவிட்டால் பட்டதாரி விசாவுக்குப் போட்டுவிடுங்கள். அதற்கு, நீங்கள் படிப்பை முடித்ததைப் பல்கலைக்கழகம் ஹோம் ஆபீஸுக்கு முன்பே தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்துவிட்டார்களா?

கேட்பவர் (லீட்ஸ்)

தெரியவில்லை, அக்கா. மாணவர் அலுவலகத்துக்கு இப்போதுதான் எழுதினேன். இந்த முறை முதல் வரியிலேயே தேதியைப் போட்டுவிட்டேன்.