சாயத் துணி சோதனையில் தோல்வி, 14 நாள் தாமதம்: பையருக்கு எழுதும் கடிதத்தில் ஒரு சந்தேகம்

வணக்கம். திருப்பூரில் சிறிய பின்னலாடை யூனிட் நடத்துகிறேன். ஜெர்மனி பையருக்கு 6,000 நேவி டி-ஷர்ட், நவம்பர் 10 தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணி ஈர உரசல் சோதனையில் 2 தான் வாங்கியது, பையர் கேட்பது 3. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தால் நீலம் அப்படியே ஒட்டிக்கொள்கிறது.

மறுபடி சோப்பிங் செய்து, ஃபிக்ஸிங்கும் கொடுத்துப் பார்த்தோம். 2-3க்கு வந்தது, ஆனால் ஷேடு மாறிவிட்டது. அப்புறம் வேறு பட்டறையில் புதுத் துணிக்குச் சாயம் போடக் கொடுத்துவிட்டேன். துணி நவம்பர் 6 வரும். தையல் 18-க்குள், இன்ஸ்பெக்‌ஷன் 22, கப்பல் 24.

கடிதத்தில் முதல் வரியிலேயே புதிய தேதி, ஒரு வரி மன்னிப்பு, காரணம், லேப் ரிப்போர்ட், கட்டவாரியாகத் தேதிகள் என்று எழுதியிருக்கிறேன். பட்டறையைக் குறை சொன்ன பத்தியை எடுத்துவிட்டேன். அந்தப் பட்டறையைத் தேர்ந்தெடுத்தது நான்தானே.

முதலில் தைத்து முடியும் 1,500 பீஸை என் செலவில் விமானத்தில் அனுப்ப முடியும். அதை இந்த முதல் கடிதத்திலேயே சொல்லிவிடலாமா, பையர் பதில் வந்தபிறகு சொல்வது நல்லதா?