ரெண்டு மெஷின், ஆறு வேலை: எதை முதல்ல ஓட்டினா சீக்கிரம் முடியும்? (அவசரம்)

காரைக்குடி மரப்பட்டறை
வணக்கம். ஆறு வேலை கையில இருக்கு. ஒவ்வொண்ணும் ரெண்டு மெஷின்ல ஏறணும். நேரம்:

நிலை 90 – 40
கதவு 60 – 120
நிலைமேல் பலகை 30 – 100
ஊஞ்சல் பலகை 80 – 50
ஜன்னல் சட்டம் 70 – 20
பூஜை அலமாரிக் கதவு 40 – 60

காலை 9 மணிக்கு ஆரம்பிச்சு, ஆர்டர் வந்த வரிசையில (நிலை, கதவு, ஊஞ்சல், ஜன்னல், நிலைமேல் பலகை, அலமாரி) கணக்குப் போட்டா சாயங்காலம் 5:20 ஆகுது. சின்ன வேலையை முதல்ல தள்ளிடலாம்னு மொத்த நேரம் குறைஞ்சதிலிருந்து அடுக்கிப் பார்த்தேன், 5:30 ஆயிடுச்சு! ஏன் கூடுது? சுலபமா ஏதாவது முறை இருக்கா? நாளைக்கு ஓட்டணும்.

கோட்டையூர் லேத்
90 – 40ன்னா நிமிஷமா? எந்த மெஷின் முதல்ல?

கணக்கு வாத்தி
கேள்வியில பாதி காணோம் தம்பி. எல்லா வேலையும் ஒரே மெஷின்லதான் ஆரம்பிக்குதா, இல்ல சிலது தலைகீழா போகுதா? பிட் மாத்துற நேரம், கிளாம்ப் பண்ற நேரம் இதுக்குள்ளேயே இருக்கா? முதல் மெஷின் முடிச்ச மரத்தை அடுக்கி வைக்க நடுவுல இடம் உண்டா? இதெல்லாம் சொல்லாம அவசரம்னா என்ன அர்த்தம்? இந்த மாதிரி கேள்வி மாசம் ஒண்ணு வருது, யாரும் பழைய இழையைத் தேடுறதில்லை.

தேவகோட்டை பலகாரம்
எனக்கும் இதே பிரச்சினைதான். ரெண்டு அடுப்பு இருக்கு. தேன்குழல், மனகோலம், சீப்பு சீடை, அதிரசம், எதை முதல்ல போட்டா ரெண்டு அடுப்பும் ஒரே நேரத்துல ஓயும்?

காரைக்குடி மரப்பட்டறை
மன்னிக்கணும். எல்லாம் நிமிஷம். முதல்ல பிளேனர், அப்புறம் சிஎன்சி ரூட்டர். எல்லாமே இதே வரிசைதான். பிட் மாத்துறது, கிளாம்ப் எல்லாம் சேர்த்துத்தான் சொன்னேன். இடம் இருக்கு. சாப்பாட்டு நேரத்துல ஆள் மாத்தி ஓட்டுவோம், மெஷின் நிக்காது.

புதுவயல் ரைஸ்மில்
ரொம்ப சுலபம் அண்ணே. ரெண்டாவது மெஷினைப் பத்தி யோசிக்கவே வேணாம். பிளேனர்ல எது குறைச்சலோ அதிலிருந்து வரிசையா அடுக்குங்க. ரூட்டருக்கு சீக்கிரம் சரக்குப் போயிடும், அவ்வளவுதான்.

கணக்கு வாத்தி
பாதி சரி, பாதி தப்பு. இதுக்கு 1954லேயே ஜான்சன் வழி சொல்லிட்டாரு. பன்னிரண்டு எண்ணையும் ஒண்ணாப் பாருங்க. இருக்கிறதுல சின்ன எண் எது? ஜன்னலோட 20. அது ரூட்டர் பக்கம் இருக்கு, அதனால ஜன்னல் கடைசி இடத்துக்குப் போகும். அதை அடிச்சிடுங்க. அடுத்த சின்னது நிலைமேல் பலகையோட 30. அது பிளேனர் பக்கம், அதனால முதல் இடம். அடுத்தது 40, ரெண்டு இடத்துல இருக்கு. அலமாரிக்குப் பிளேனர்ல 40, அது முன்னால இருந்து ரெண்டாவது. நிலைக்கு ரூட்டர்ல 40, அது பின்னால இருந்து ரெண்டாவது. மிச்சம் ஊஞ்சலும் கதவும். சின்னது ஊஞ்சலோட ரூட்டர் 50, அது பின்பக்கம் போகும். நடுவுல மிஞ்சுறது கதவு.

வரிசை: நிலைமேல் பலகை, அலமாரி, கதவு, ஊஞ்சல், நிலை, ஜன்னல்.

ரூட்டர் 9:30க்குப் பலகையை எடுக்கும். 11:10, 12:10, 2:10, 3:00, 3:40ன்னு ஒண்ணு முடிய அடுத்தது தயாரா நிக்கும். கடைசியா ஜன்னல் 4:00க்கு முடியும். இதுக்குக் கீழ யாராலயும் இறக்க முடியாது. ரூட்டருக்கு மொத்த வேலை 390 நிமிஷம். எந்த வரிசையா இருந்தாலும் முதல் மரம் வர குறைஞ்சது 30 நிமிஷம் அது காத்திருக்கணும். கூட்டினா 420, அதாவது சரியா 4 மணி.

கோட்டையூர் லேத்
அவர் "ஏன் கூடுது"ன்னு கேட்டதுக்கும் பதில் சொல்லலாமே. ரூட்டரோட 390 நிமிஷ வேலை எப்படி அடுக்கினாலும் மாறாது. மாறுறது அது சும்மா நிக்கிற நேரம் மட்டும்தான். மொத்தம் குறைஞ்சதுன்னு ஜன்னலை முதல்ல விட்டீங்க. ரூட்டர் 70 நிமிஷம் பார்த்துக்கிட்டு நிக்குது, 20 நிமிஷம் வேலை பண்ணுது, மறுபடி 20 நிமிஷம் நிக்குது, அலமாரி முடிஞ்சு நிலை வர்றதுக்குள்ள இன்னொரு 30. மொத்தம் 120 நிமிஷம் வீண். அதுபோக ரூட்டர்ல 120 நிமிஷம் ஆகுற கதவைக் கடைசியில வச்சிருக்கீங்க. பிளேனர் ஓஞ்ச பிறகும் அது ஓடிக்கிட்டே இருக்கும். ரூட்டருக்குத் தீனி போடுற வேலை முன்னால, ரூட்டர்ல சட்டுன்னு முடியிற வேலை பின்னால.

புதுவயல் ரைஸ்மில்
நான் சொன்ன மாதிரியே போட்டுப் பார்த்தேன். பலகை, அலமாரி, கதவு, ஜன்னல், ஊஞ்சல், நிலை. எனக்கும் 4 மணிதான் வருது! இதுக்கு எதுக்கு ஜான்சன், 1954?

கணக்கு வாத்தி
வரும். இந்த எண்களுக்கு வருது, அவ்வளவுதான். உங்க வரிசையில நிலை பிளேனரை விட்டு 3:10க்கு வெளிய வருது, ரூட்டர் அதை 3:20க்கு எடுக்குது. கையில பத்து நிமிஷ இடைவெளிதான். நிலை பழைய வீட்டுத் தேக்கா இருந்து, உள்ளே ஒடிஞ்ச ஆணி மாட்டி, அதைப் பிடுங்கி, கத்தியைச் சரிபார்த்து அரை மணி கூடினா உங்களுக்கு 4:20. என் வரிசையில அதே அரை மணி கூடினாலும் 4:00தான், ஏன்னா அங்கே நிலை முடிஞ்சு ரூட்டருக்காக அரை மணிக்கு மேல காத்திருந்துச்சு. போட்டுப் பாருங்க.

புதுவயல் ரைஸ்மில்
போட்டேன். 4:20தான். சரி.

தேவகோட்டை பலகாரம்
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே.

கணக்கு வாத்தி
ஆச்சி, உங்களது வேற கணக்கு. மரம் ரெண்டு மெஷின்லயும் ஏறணும். உங்க தேன்குழல் ஏதாவது ஒரு அடுப்புல வெந்தா போதும். அதுக்கு நேரம் அதிகமானதை முதல்ல எடுத்து, எந்த அடுப்பு காலியோ அதுல போட்டுக்கிட்டே வாங்க. எப்பவும் மிகச் சரியா வராது, ஆனா ரொம்ப விலகாது.

காரைக்குடி மரப்பட்டறை
வாத்தி அண்ணன் வரிசையில இன்னிக்கு ஓட்டினோம். 4:30 ஆச்சு. 11:10லேருந்து அரை மணி ரூட்டர் சும்மா நின்னுச்சு. அலமாரிக் கதவு ஒட்டுப் பலகைங்க, பிளேனர் முடிச்சு பசை போட்டு ஒன்றரை மணி கிளாம்ப்ல இருக்கணும். அதைச் சொல்ல விட்டுப்போச்சு. புதன்கிழமை இதே ஆறும் இன்னொரு வீட்டுக்குப் போடணும். அந்த ஜன்னலுக்கு மட்டும் ஆள் மதியமே வருவாங்க.

கணக்கு வாத்தி
விட்டுப்போச்சாம். நடுவுல இப்படி ஆறுற நேரம் இருந்தா, அடுக்குறதுக்கு மட்டும் அந்த வேலையோட ரெண்டு எண்ணுலயும் அந்த நேரத்தைக் கூட்டிக்கணும். அலமாரி 40 – 60 இல்ல, 130 – 150. இப்ப பழைய முறையே. முன்பக்கம் பலகை 30, கதவு 60, அலமாரி 130. கதவும் அலமாரியும் இடம் மாறுது, மத்தது அப்படியே. கதவு ரூட்டர்ல 1:10 வரைக்கும் ஓடும். பசை 12:40க்கே பிடிச்சிருக்கும். முடிவு மறுபடி 4:00. ரூட்டர் நேரம் போடும்போது நிஜ 60 நிமிஷத்தைத்தான் போடணும், 150ஐ இல்ல. நிறைய பேர் அங்கேதான் குழப்பிக்கிறாங்க.

மதியம் ஆள் வர்றதுக்கு இந்த விதி பொறுப்பில்ல. கடைசி வேலை எப்ப முடியுதுன்னு மட்டும்தான் அது பார்க்கும்.

பள்ளத்தூர் ஆசாரி
கணக்கு இருக்கட்டும். ஒன்றரை மணியில ஒட்டுப் பலகையை ரூட்டர்ல ஏத்துறதே தப்பு. வெள்ளைப் பசையில இருக்கிற ஈரம் ஒட்டு ஓரமா மரத்துக்குள்ள இறங்கி அந்த இடம் மட்டும் உப்பியிருக்கும். அப்பவே மட்டம் பண்ணிட்டா, ஈரம் காய்ஞ்ச பிறகு ஒட்டுக் கோட்டுல பள்ளம் விழும். பாலிஷ் போட்டு வெயில் சாய்வா பட்டா கோடு கோடாத் தெரியும். முந்தின சாயங்காலமே இழைச்சு, ஒட்டி, ராத்திரி முழுக்க விடுங்க.

கோட்டையூர் லேத்
ஆசாரி அண்ணன் சொல்றதுல நேரமும் குறையுதே! அலமாரி காலையில தயாரா இருந்தா ரூட்டர் 9 மணிக்கே அதை எடுக்கும். 10:00 வரைக்கும் ஓடும், அதுக்குள்ள பலகை 9:30க்கே வந்து நிக்கும். அப்புறம் கதவு, ஊஞ்சல், நிலை, ஜன்னல். ரூட்டர் நிக்கவே நிக்காது. முடிவு 3:30.

கணக்கு வாத்தி
முந்தின நாள் பிளேனர் ஓடின 40 நிமிஷத்தை யார் கணக்குல எழுதுறது? 4 மணிக்குக் கீழ இறங்கினதா சொல்லிக்க முடியாது.

பள்ளத்தூர் ஆசாரி
சாயங்காலம் பிளேனர் எப்படியும் ரூட்டருக்கு முன்னாடியே ஓஞ்சு கிடக்குது. அந்த நாற்பது நிமிஷம் யார் வீட்டுப் பணம்?

கணக்கு வாத்தி
ஆளுக்குக் கூலி யார் தருவா?

புதுவயல் ரைஸ்மில்
கூலிச் சண்டையை அப்புறம் பாருங்க. ஜன்னல் மதியம் வேணும்னாரே. ராத்திரி ஒட்டி வைக்கிற வழியில, பிளேனர்ல பலகைக்கு அடுத்து ஜன்னலை விட்டுப் பார்த்தேன். ஜன்னல் 10:40க்கு இழைச்சு வந்துடுது. ரூட்டர் பலகையை 11:40க்கு விட்டதும் ஜன்னலை எடுத்தா சரியா 12 மணிக்குக் கையில கொடுக்கலாம். கதவு 11:40க்கே தயார், 2:00க்கு முடியும். ஊஞ்சல் 2:50, நிலை 3:30. முடிவு மாறவே இல்ல! ஆனா நிலை பிளேனரை விட்டு வர்றது 2:30, ரூட்டர் கேக்குறது 2:50. ஆணி விஷயம் இங்கே இருபது நிமிஷத்துக்குத்தான் தாங்கும்.

கணக்கு வாத்தி
சரியாத்தான் இருக்கு. விதி கொடுக்கிறது சிறந்த வரிசைகள்ல ஒண்ணு. அது மட்டும்தான் சிறந்ததுன்னு எங்கேயும் சொல்லலை.

தேவகோட்டை பலகாரம்
மாவு பிசையிற மெஷின் ஒண்ணு இருக்கு, அதுக்கப்புறம்தான் ரெண்டு அடுப்பும். அப்படின்னா என்னதும் மரக்கணக்கு ஆயிடுமா?

கோட்டையூர் லேத்
ஆச்சி, பிசையிற நேரம் எவ்வளவு, வேகுற நேரம் எவ்வளவுன்னு போடுங்க. அடுப்பு ரெண்டா இருந்தா அப்படியே பொருந்தாது, பார்ப்போம்.

காரைக்குடி மரப்பட்டறை
பசை போட்டாச்சு. நிலை மரத்துல ஆணி மூணு இருந்துச்சு, இன்னிக்கே பிடுங்கிட்டோம். ரைஸ்மில் அண்ணன் வரிசைதான் நாளைக்கு. நன்றி.