நோவா சபித்தது யாரை?

வேதமாணவன்: நோவா தன் மகன் காமைச் சபித்தார். காமின் சந்ததிதான் ஆப்பிரிக்கர். இந்தச் சாபத்தைக் காட்டி ஆப்பிரிக்கரை அடிமையாக வைப்பது நியாயம் என்ற அன்றைய அமெரிக்கப் போதகர்கள் வேதத்தில் இருந்ததை வாசித்தார்கள், அவ்வளவுதான். அவர்களைப் பொய்யர் என்பது அநியாயம்.

கடலோடி: பைபிளில் ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தைத் திறந்து வையுங்கள். குடித்துவிட்டுக் கிடந்த தகப்பனின் நிர்வாணத்தைப் பார்த்தவன் காம். ஆனால் 25-ஆம் வசனம் "கானான் சபிக்கப்பட்டவன்" என்கிறது. 26, 27 இரண்டிலும் அடிமை என்று சொல்லப்படுபவன் கானான்தான். சாப வார்த்தைகளில் காமின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. அடுத்த அதிகாரத்தில் காமுக்கு நாலு பிள்ளைகள்: கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான். எத்தியோப்பியர் கூஷின் வழி. கானானின் எல்லையோ சீதோன் முதல் காசா வரை. இதில் ஆப்பிரிக்கா எங்கே வந்தது?

வேதமாணவன்: மகனைச் சபித்தால் அது தகப்பனையும் சேரும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கடலோடி: சேரும் என்றால் நாலு பிள்ளைகளையும் சேர வேண்டும். கூஷின் மகன் நிம்ரோத் பூமியில் பராக்கிரமசாலி, பாபேலில் ராஜ்யம் ஆண்டவன். மிஸ்ராயீம் என்றால் எகிப்து. இஸ்ரவேலரை அடிமையாக வைத்திருந்த தேசம். சாபத்தில் வரும் "அடிமைகளுக்கு அடிமை" இவர்கள்தானா? 25-ஆம் வசனத்தில் யார் பெயர், அதை மட்டும் சொல்லுங்கள்.

தென்றல்: கர்த்தர் அடையாளம் போட்டது காயீனுக்குத்தானே? அந்த அடையாளம்தான் கறுப்பு என்று படித்த ஞாபகம்.

கடலோடி: அது வேறு கதை தென்றல். ஆபேலைக் கொன்ற காயீனை யாரும் கொல்லாதபடி போட்ட காவல் அடையாளம்; நிறம் பற்றி அங்கே பேச்சே இல்லை. ஆனால் இந்தக் குழப்பம் பழையது. 1444-இல் போர்த்துக்கலின் லாகோஸ் துறைமுகத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த 235 பேரை இறக்கிப் பங்கு போட்டார்கள். அந்த வரலாற்றை எழுதிய சுராரா, பிரளயத்துக்குப் பிறகு நோவா இட்ட சாபத்தைக் காரணம் காட்டும் இடத்தில், சபிக்கப்பட்ட மகனுக்குக் காயீன் பெயரையே எழுதிவைத்தார். பெயர்கூடச் சரியாகத் தெரியாமல்தான் நியாயம் கற்பித்தார்கள்.

நெய்தல்: இதுதான் நான் எப்போதும் சொல்வது. முழுக்க முழுக்க வெள்ளைக்காரன் கட்டிய கதை.

கடலோடி: முழுக்க இல்லை. காமுக்குத் தோலில் தண்டனை கிடைத்தது என்ற கதை யூதர்களின் தால்முதிலேயே உண்டு. ஆனால் அது பிரளயத்தின்போது நோவாவின் பேழைக்குள் செய்த வேறொரு குற்றத்துக்கு. அடிமைத்தனம் அதில் இல்லை. பிறகு அரபு எழுத்துகளில் நிறமும் அடிமைத்தனமும் ஒரே சாபத்தில் ஒட்டிக்கொண்டன. 14-ஆம் நூற்றாண்டிலேயே வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் இதை மறுத்தார்: யூதர்களின் வேதமான தோராவில் சாபம் உண்டு, நிறம் இல்லை; கறுப்புக்குக் காரணம் வெயில்.

நெய்தல்: அதாவது பழியை அரபுப் பக்கம் தள்ளுகிறீர்கள். ரோம அடிமைகள் பற்றிப் பேசியபோதும் இதையேதான் செய்தீர்கள், மறக்கவில்லை.

கடலோடி: மறுத்தவரும் அரபு மொழியில்தான் எழுதினார், அதையும் சேர்த்துப் படியுங்கள்.

வேதமாணவன்: மூலப் பிரதியிலேயே "காம்" என்று இருந்து பின்னால் விடுபட்டிருக்கலாம். அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கடலோடி: சொன்னவர் தாமஸ் நியூட்டன், 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர், பின்னால் பிரிஸ்டலுக்கு பிஷப். ஒரு அரபு மொழிபெயர்ப்பைக் காட்டி, "கானானின் தகப்பனாகிய காம் சபிக்கப்பட்டவன்" என்று வாசிக்கலாம் என்றார். எபிரேய மூலத்தில் அப்படி இல்லை. 22-ஆம் வசனத்தில் வரும் "கானானின் தகப்பனாகிய காம்" என்ற சொற்களை 25-க்குள் செருகினால் சாபம் மகனிடமிருந்து தகப்பனுக்குத் தாவிவிடும். அங்கிருந்து கூஷுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வழி திறந்துவிடும். சாபத்தைத் திருப்பிய இடம் இதுதான்.

வேதமாணவன்: ஒரு பிஷப்பைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

கடலோடி: எனக்குத் தெரிய வேண்டாம், வசனத்துக்குத் தெரியும். உங்கள் போதகர்களின் கணக்கு நடைமுறையிலும் உதைத்தது. சாபம் தகப்பன் வழி வருவது. வர்ஜீனியாவின் 1662 சட்டமோ, தாய் அடிமையென்றால் பிள்ளை அடிமை என்றது. எஜமானனுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை, வெள்ளையரின் மூதாதை என்று சொல்லப்பட்ட நோவாவின் இன்னொரு மகன் யாப்பேத்தின் வழியா, காமின் வழியா? தன் தகப்பன் வெள்ளையர் என்று 1845-இல் எழுதிய, அடிமைத்தனத்திலிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் அதைத்தான் கேட்டார்: இப்படியே பிள்ளைகள் பிறந்தால் வேதத்தைக் காட்டி யாரை அடிமையாக வைப்பீர்கள்?

தென்றல்: காம் என்றாலே எபிரேயத்தில் கறுப்பு என்று அர்த்தமாமே?

கடலோடி: அந்தச் சொல்லின் வேர் பற்றி அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. கறுப்பு என்றே வைத்துக்கொண்டாலும் சபிக்கப்பட்டவன் கானான்.

நெய்தல்: அரபுகள் பற்றிச் சொன்னதை இன்னும் திரும்பப் பெறவில்லை நீங்கள்.

வேதமாணவன்: எவ்வளவு எழுதினாலும் தப்புச் செய்தவன் காம்.

கடலோடி: தப்புச் செய்தவன் யார் என்று நான் கேட்கவே இல்லை. 25-ஆம் வசனத்தில் யார் பெயர்?