ஷார்ப்னெஸ் பூஜ்யத்திலா, ஐம்பதிலா? எழுத்தைச் சுற்றி வரும் வெள்ளை விளிம்பு

சுழியன்:
மானிட்டரின் ஷார்ப்னெஸ் என்பது போலிக் கூர்மை. எந்த மானிட்டராக இருந்தாலும் அதைப் பூஜ்யத்தில் வைத்துவிடுங்கள். ஐம்பதில் வைத்திருப்பவர்கள் எழுத்தைச் சுற்றியுள்ள வெள்ளை விளிம்பைப் பார்த்துக் கூர்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

விளிம்புநோக்கி:
"எந்த மானிட்டராக இருந்தாலும்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். தங்கள் பேச்சை நம்பிப் பூஜ்யத்தில் வைத்த பலர் நாள் முழுவதும் மங்கிய எழுத்தைப் படித்துக்கொண்டிருப்பார்கள். மெனுவில் தெரியும் எண்ணுக்கு எல்லோருக்கும் பொதுவான பொருள் கிடையாது. சில மானிட்டர்களில் பூஜ்யத்தில்தான் படம் கைபடாமல் வருகிறது. வேறு பலவற்றில் நடுவிலுள்ள ஐம்பதில், அல்லது பத்துக்கு ஐந்தில், அப்படி வருகிறது. அதற்கு மேலே ஏற்றினால் விளிம்பு வெளுக்கும், கீழே இறக்கினால் மானிட்டரே பக்கத்துப் பிக்சல்களை ஒன்றோடொன்று கலந்து மங்கலாக்கும்.

சுழியன்:
பூஜ்யம் என்றால் எதுவும் சேர்க்கப்படவில்லை என்று பொருள். இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். தாங்கள் சென்ற முறை கான்ட்ராஸ்ட் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் "மானிட்டருக்கு மானிட்டர் மாறும்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டீர்கள்.

வெள்ளைத்தாள்:
இருவருமே இல்லாத ஒன்றுக்காகச் சண்டை போடுகிறீர்கள். என் மானிட்டரில் ஷார்ப்னெஸ் நூறில் இருக்கிறது. வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்தைத்தான் நாள்தோறும் தட்டச்சு செய்கிறேன். ஒரு வெள்ளை விளிம்பும் என் கண்ணில் பட்டதில்லை. சந்தேகப்படுபவர்களுக்காக ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்திருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள்.

விளிம்புநோக்கி:
ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மிகச் சுத்தமாக இருக்கிறது. நூறில் எடுத்தாலும் பூஜ்யத்தில் எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். அது கணினியின் நினைவிலிருந்து எடுக்கப்படுகிறது, மானிட்டர் தன் வேலையைக் காட்டுவதோ அதற்கும் பிறகு, கேபிளைத் தாண்டிய பின்தான். அது ஒன்றுக்கு மட்டும் உதவும். ஸ்கிரீன்ஷாட்டை வேறொரு திரையில் திறக்கும்போதும் விளிம்பு வெளுத்திருந்தால், குற்றம் மென்பொருளிலோ கிராபிக்ஸ் டிரைவரின் கூர்மை வசதியிலோ இருக்கிறது, மானிட்டரைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைப் பக்கத்தில் விளிம்பு தெரியவில்லை என்பது உண்மைதான், ஆனால் காரணம் வேறு. ஷார்ப்னெஸ் என்ற இந்த வடிகட்டி ஒவ்வொரு பிக்சலையும் அதன் பக்கத்துப் பிக்சல்களின் சராசரியோடு ஒப்பிட்டு, இருக்கும் வித்தியாசத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குகிறது. கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில், 128 என்ற நடுச் சாம்பல் பின்னணியில் ஒரு பிக்சல் அகலக் கறுப்புக் கோடு இருப்பதாகக் கொள்வோம். கோட்டை ஒட்டிய சாம்பல் பிக்சலுக்கு ஒரு பக்கம் 0, மறுபக்கம் 128; சராசரி 64. வித்தியாசத்தில் பாதியைச் சேர்க்கும் வடிகட்டி என்றால்:

```
128 + 0.5 × (128 − 64) = 160
```

சாம்பலுக்கு நடுவில் அந்த 160 கோட்டின் இரு பக்கமும் வெளுத்த இழையாகத் தெரியும். பின்னணி வெள்ளையாக இருந்தால் இதே கணக்கில் 319 வருகிறது, ஆனால் 255-க்கு மேல் ஏற இடமில்லாததால் அங்கேயே வெட்டுப்படுகிறது. ஆகவே விளிம்பு ஏற்படாமல் இல்லை, ஒளிந்துகொள்ள இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வெள்ளைத்தாள்:
ஒளிந்துகொண்டது என்றால் கண்ணுக்குத் தெரியவில்லை என்றுதானே பொருள்? கண்ணுக்குத் தெரியாத குறையைக் கணக்குப் போட்டுக் காட்டுவது தங்களுக்கே உரிய திறமை. சாம்பல் பின்னணியில் யார் தட்டச்சு செய்கிறார்கள்? நான் வெள்ளைப் பக்கத்தில் மட்டுமே வேலை செய்பவன். எனக்கு நூறே சரி.

விளிம்புநோக்கி:
வெள்ளைப் பக்கத்திலும் சேதம் உண்டு. எழுத்தின் வளைவுகள் வழவழப்பாகத் தெரிவதற்காகக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் சாம்பல் பிக்சல்களைக் கணினி வைக்கிறது. 0-க்கும் 255-க்கும் நடுவில் உள்ள 64 இந்த வடிகட்டியில் 32 ஆக இருண்டுவிடும், 190 இருந்தால் 221 ஆக வெளுத்துவிடும். இடைநிறங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிவிடுவதால் 'ழ', 'இ' போன்ற எழுத்துகளின் வளைவு படிக்கட்டாகிறது. தாங்கள் கூர்மை என்று ரசிப்பது அந்தப் படிக்கட்டைத்தான். கரும்பலகை நிறத்தில் வெளிர் எழுத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். எழுத்தைச் சுற்றிப் பின்னணியைவிடக் கறுத்த ஒரு கோடு ஓடும்.

பெரியதிரை:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். டிவியை எச்டிஎம்ஐ வழியாகக் கணினித் திரையாகப் பயன்படுத்துகிறேன். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்துகளின் ஓரம் கரைந்து வழிகிறது. பூஜ்யமும் வைத்துப் பார்த்தேன், ஐம்பதும் வைத்துப் பார்த்தேன், வழிவது நிற்கவில்லை. எது சரியான எண்?

சுழியன்:
பூஜ்யம். அதற்கு மேல் பேச்சே இல்லை.

விளிம்புநோக்கி:
அவர் பூஜ்யம் வைத்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறார், தாங்கள் மருந்தை மாற்றாமல் அளவை மட்டும் சொல்கிறீர்கள். பெரியதிரை அவர்களே, தங்கள் குறைக்கும் ஷார்ப்னெஸுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. வெளிச்சம் பிக்சலுக்குப் பிக்சல் போய்ச் சேர்ந்தாலும், நிறத்தை மட்டும் இரண்டு அல்லது நான்கு பிக்சல்களுக்குப் பொதுவாக்கி அனுப்பினால் சிவப்பும் நீலமும் இப்படித்தான் வழியும், கறுப்பு வெள்ளை எழுத்து மட்டும் நன்றாகவே இருக்கும். கிராபிக்ஸ் அமைப்பில் ஆர்ஜிபி அல்லது 4:4:4 என்று வைத்து, டிவியில் அந்த உள்ளீட்டைப் பிசி என்று குறித்துப் பாருங்கள். பல டிவிகள் அப்படிக் குறித்தால்தான் நிறத்தை முழுமையாகக் காட்டும்.

சுழியன்:
கேள்வி மானிட்டரைப் பற்றியது, டிவி வந்ததும் பேச்சை மாற்றிக்கொண்டீர்கள். என் மானிட்டரைப் பூஜ்யத்தில் வைத்துத் திரையைக் கைப்பேசியால் மிக அருகில் படமெடுத்தேன். அதிலும் மெல்லிய வெள்ளை விளிம்பு தெரிகிறது. பூஜ்யத்திலேயே இவ்வளவு என்றால் ஐம்பதில் எவ்வளவு இருக்கும் என்று தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

விளிம்புநோக்கி:
கைப்பேசிக் கேமராவும் தான் எடுக்கும் படத்தில் கூர்மையை ஏற்றுகிறது, அந்த விளிம்பு அதனுடையதாக இருக்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து நேரில் பாருங்கள்.

எண்ணைத் தேடுவதை விட்டுவிட்டு இடத்தைத் தேடுங்கள். திரையை அதன் சொந்த ரெசல்யூஷனில் வைத்து, 128 சாம்பலில் ஒரு பிக்சல் அகலக் கறுப்புக் கோடுகள் சிலவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக வரைந்து, திரைப் பிக்சலுக்குப் படப் பிக்சல் ஒன்றாகப் பொருந்துமாறு திறவுங்கள். ஸ்கேலிங் 125 சதவீதத்தில் இருந்தால் கோடு அங்கேயே குழைந்துவிடும். முதலில் ஷார்ப்னெஸை உச்சத்துக்கு ஏற்றி, வெளுத்த இழை எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு படியாக இறக்கினால், ஓரிடத்தில் இழை மறையும். இன்னும் இறக்கினால் சில மானிட்டர்களில் கோடு கறுப்பை இழந்து இரு பக்கமும் கசியத் தொடங்கும். இழை மறைந்து கசிவு தொடங்காத அந்தப் படிதான் வைக்க வேண்டிய இடம். கடைசிவரை கசிவே இல்லையென்றால் தங்கள் மானிட்டருக்கு மட்டும் பூஜ்யம் சரி. படத்துக்கான முறை, விளையாட்டுக்கான முறை என்று மாற்றும்போது சில மானிட்டர்கள் இந்த எண்ணையும் சத்தமில்லாமல் மாற்றிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

பெரியதிரை:
பிசி என்று மாற்றினேன், சிவப்பு வழிவது நின்றுவிட்டது. ஆனால் இப்போது ஷார்ப்னெஸ் மெனுவே சாம்பலாகி மூடிக்கொண்டது. இதைத் திறக்க வழி உண்டா?

வெள்ளைத்தாள்:
சாம்பல் பின்னணியில் யார் தட்டச்சு செய்கிறார்கள் என்ற என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. நான் நூறிலேயே இருக்கிறேன்.

சுழியன்:
கோடு வரைந்து பார்த்தேன். பூஜ்யத்தில் கறுப்புக் கோடு சற்றுச் சாம்பலாகத் தெரிகிறது என்பதை மறுக்கவில்லை. அது கோட்டின் உண்மையான நிறம், ஐம்பதில் தெரியும் கறுப்புதான் போலி.

விளிம்புநோக்கி:
0 என்று வரைந்த கோட்டின் உண்மையான நிறம் சாம்பலா?

சுழியன்:
என் மானிட்டரில் ஆம். மானிட்டருக்கு மானிட்டர் மாறும் என்று தாங்கள்தானே சொன்னீர்கள்?