பெரியவருக்கு அனுப்பும் பாக்கிச் செய்தியைத் திருத்தித் தாருங்கள்

எங்கள் மளிகைக் கடைக்கு இருபது வருடமாக வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். வயது எண்பதை நெருங்குகிறது. பென்ஷன் வந்ததும் நோட்டைக் கையில் பிடித்து, வரி வரியாகக் கூட்டிப் பார்த்துத்தான் பணம் தருவார். இரண்டு மாதமாக வரவில்லை. பாக்கி 3,460 ரூபாய்.

கடைப்பையன் எழுதியது இது: “உங்கள் பாக்கி ரூ.3,460 இன்னும் கட்டவில்லை. உடனே செலுத்தவும்.” நல்லவேளை, அனுப்பும் முன் பார்த்துவிட்டேன். “கட்டவில்லை” என்பது அவர்மேல் குற்றம் சொல்வது போல இருக்கிறது. “செலுத்தவும்” என்றால் ஏதோ நோட்டீஸ்.

நான் மாற்றியது:

“ஐயா, வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? இரண்டு மாதமாகத் தங்களைக் கடைப் பக்கம் காணவில்லை. நோட்டில் ரூ.3,460 நிற்கிறது. கணக்கை ஒருமுறை தாங்கள் பார்த்துச் சொன்னால் நல்லது. வர சிரமம் என்றால் பையனை நோட்டோடு வீட்டுக்கு அனுப்புகிறேன்.”

இரண்டு சந்தேகம். நேரில் “நீங்க” என்றே பேசுவேன். திடீரென்று “தாங்கள்” என்றால் அந்நியமாகத் தோன்றுமா? அப்புறம், தேதியை எப்படிக் கேட்பது? “வசதிப்படும்போது” என்றால் நாள் தள்ளிக்கொண்டே போகும். “அடுத்த பென்ஷன் வந்ததும்” என்றால் அவர் வருமானத்தை நான் எண்ணுவது போலாகிவிடும். “பத்தாம் தேதி வாக்கில் தந்தால் உதவியாக இருக்கும் ஐயா” சரியாக வருமா? அவர் மனம் நோகாதபடி இந்த வரியை எழுதித் தாருங்கள்.